பேசாமல் இருக்க ஒப்புக்கொண்ட நிமிடங்கள்

கல்லூரி ஆசிரியர் வகுப்புக்குக் கொண்டுபோகும் குறிப்பு அவர் தமக்காக எழுதிக்கொண்டது. அதில் ‘புரதம் – 18’ என்று இருந்தால் அவருக்குப் போதும். எந்தக் கோழிக்கு, எந்தப் பருவத்தில், எதில் நூற்றுக்குப் பதினெட்டு என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கிறது. காகிதம் அதை நினைவூட்டினால் சரி. இந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே நான்கு விரற்கடை இடம் விட்டு, அறுபது படி எடுத்துக் கொடுத்தால் மாணவர்களுக்கான வகுப்புத்தாள் தயாராகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. ஆசிரியரின் குறிப்பில் எழுதாமல் விட்டவை அவருக்குத் தெரிந்தவை. வகுப்புத்தாளில் எழுதாமல் விடவேண்டியவை மாணவர் அந்த இடத்திலேயே யோசித்துக் கண்டுகொள்ள வேண்டியவை. இந்த இரண்டு வகை இடைவெளிகளும் ஒரே இடத்தில் விழுவது அபூர்வம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது எங்கே இடம் விடுவது, எவ்வளவு விடுவது என்ற கேள்விகள் எழுகின்றன. அவை பக்க வடிவமைப்பு பற்றிய கேள்விகளாகத் தோன்றினாலும், ஆசிரியர் எந்த நிமிடங்களில் பேச்சை நிறுத்தப்போகிறார் என்பதைத்தான் கேட்கின்றன. காகிதத்தில் விடும் ஒவ்வொரு வெற்றிடமும் வகுப்பில் அவர் பேசாமல் இருக்க ஒப்புக்கொண்ட நேரம். அந்த ஒப்புதல் இல்லாமல் விடும் இடம் வீணான காகிதம் என்பதே இங்கே என் வாதம்.

இதைப் புதுச்சத்திரத்தை வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது இந்த ஊர். ஒரு பக்கம் ராசிபுரத்தில் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரி, மறுபக்கம் நாமக்கல்லில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, நெடுஞ்சாலையை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகள் என்று வட்டாரம் முழுக்க வகுப்பறைகள். அவற்றுக்கு நடுவே முட்டைக்கோழிப் பண்ணைகள். இங்கே பட்டப்படிப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதலாவதாகக் கல்லூரி வாசல் மிதிப்பவர்கள். மதிப்பெண்ணுக்குப் பெயர்போன உறைவிடப் பள்ளிகள் நிறைந்த வட்டாரமும் இதுதான். அச்சடித்த விடையை வரி பிசகாமல் மனத்தில் ஏற்றும் பயிற்சி பலருக்கும் பள்ளியிலேயே கிடைத்துவிடுகிறது. ஆசிரியரும் அதற்கேற்ப இரண்டில் ஒன்றைச் செய்கிறார். ‘எழுதிக்கோங்க’ என்று மணிநேரம் முழுதும் நோட்ஸ் சொல்கிறார். இல்லையென்றால் முழு மெட்டீரியலையும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு ‘வாங்கிக்கோங்க’ என்கிறார்.

இந்த இரண்டு வழக்கங்களிலும் எது குறைகிறது என்பதைப் பார்க்க, குறிப்பெடுத்தல் பற்றி டி வெஸ்டா, கிரே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1972இல் செய்த பிரிவினை உதவும். குறிப்பு எடுப்பதில் இரண்டு பயன் உண்டு என்றார்கள் அவர்கள். எழுதும்போதே மனம் கேட்டதைத் தனக்கேற்றபடி மாற்றிப் பதித்துக்கொள்வது ஒன்று. எழுதிவைத்ததைப் பின்னால் எடுத்துப் படிக்க முடிவது மற்றொன்று. முழு மெட்டீரியலைக் கையில் கொடுத்தால் இரண்டாவது பயன் பிழையில்லாமல் கிடைக்கிறது, முதலாவது கிடைப்பதில்லை. நோட்ஸ் சொல்லி எழுதவைத்தால் கை ஓடுகிறது, ஆனால் சொன்னதைச் சொன்னபடி எழுதுவதில் மனம் மாற்றிப் பதிக்க எதுவும் இல்லை. அவசரத்தில் எழுதியதில் பிழையும் சேர்ந்து, படிக்கக் கிடைப்பதும் அரைகுறையாகிறது. எல்லாவற்றையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று மாணவரிடம் விட்டுவிடுவது மூன்றாவது வழி. பேச்சு நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போகிறது. கையெழுத்து அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடுவதே கடினம். எதை விடுவது என்று முடிவு செய்யப் பாடம் ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். தெரியாதவர் தலைப்புகளையும் எண்களையும் எழுதிவைத்துக்கொண்டு, காரணங்களை விட்டுவிடுகிறார்.

பாதி அச்சடித்து மீதியை விடும் தாள் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. ஆனால் நடுவில் நிற்பதாலேயே அது நல்லதாகிவிடாது. எந்தப் பாதியை விடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதன் பலன். சிலாமெக்கா, கிராஃப் இருவரும் 1978இல் காட்டியது பலருக்கும் தெரிந்த சோதனை. ஒரு சொல்லை வெறுமனே வாசித்தவர்களைவிட, ஒரு குறிப்பைக் கொண்டு அதைத் தாமே வருவித்தவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். இதை மட்டும் நம்பினால் எதைக் கோடிட்டாலும் லாபம் என்று தோன்றும். கட்டயாமா, ராபின்சன் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வரம்பு போடுகிறது. முழுக் குறிப்பைப் படித்தவர்களைவிடப் பகுதிக் குறிப்பை நிரப்பிப் படித்தவர்கள், கற்றதைப் புதிய இடத்தில் பயன்படுத்தும் கேள்விகளில் மேலாக இருந்தார்கள். தகவலைத் திருப்பிக் கேட்ட கேள்விகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே தகவலை மறைத்து இடம் விடுவதில் பெரிய ஆதாயத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. பயன்படுத்தும் திறன் எங்கே உருவாகிறதோ அங்கே, அதாவது ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் இடத்தில், வெற்றிடம் இருக்கவேண்டும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். ஐம்பது நிமிட வகுப்பில் ஏறக்குறைய கால்வாசியை, பன்னிரண்டு நிமிடத்தை, மாணவர் எழுதுவதற்கு ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். தமிழ்ச் சொல் நீளமானது. யோசித்து எழுதும்போது நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல் என்று கொண்டால் மொத்தம் 144 சொல் வருகிறது. ஏ4 தாளில் இடப்பக்கம் கோப்பில் குத்துவதற்கு 25 மில்லிமீட்டர், வலப்பக்கம் 20 விட்டால் எழுதும் அகலம் 165 மில்லிமீட்டர்; அதில் வரிக்கு ஆறு சொல் என்றால் 24 வரி. புள்ளியும் கொக்கியும் மேலேயும், உகர ஊகாரச் சுழிகள் கீழேயும் போகும் தமிழ்க் கையெழுத்துக்கு வரி இடைவெளி 9 மில்லிமீட்டராவது வேண்டும். 24 வரிக்கு 216 மில்லிமீட்டர். மேலும் கீழும் 20 விட்ட ஏ4 பக்கத்தின் உயரம் 257. ஆக ஒரு வகுப்புக்கு மொத்தமாக விடக்கூடிய வெற்றிடம் ஒரு பக்கத்துக்கும் குறைவு. இப்போது ஆசிரியரின் குறிப்பில் பன்னிரண்டு தலைப்பு இருந்து, ஒவ்வொன்றின் கீழும் ஆறு வரி விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 72 வரி, 432 சொல், 36 நிமிடம். ஐம்பது நிமிட வகுப்பில் பேசுவதற்கு மீதி பதினான்கு நிமிடம். எந்த ஆசிரியரும் அப்படிப் பேச்சைக் குறைக்கப்போவதில்லை. ஆகவே அந்தத் தாள் அச்சாகும்போதே, அதில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பாது என்பது முடிவாகிவிட்டது.

கணினி தானாகச் செய்துதரும் வகுப்புத்தாள் இந்தத் தவற்றின் தெளிவான வடிவம். படவில்லை மென்பொருளில் ‘பக்கத்துக்கு மூன்று’ என்று தேர்ந்தெடுத்து அச்சிட்டால் இடப்பக்கம் மூன்று வில்லைகளும் வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரே சில கோடுகளும் வரும். முகப்பு வில்லைக்கும் அதே அளவு கோடு. பாடத்தின் முடிச்சு இருக்கும் வில்லைக்கும் அதே அளவு கோடு. நன்றி என்று போட்ட கடைசி வில்லைக்குப் பக்கத்திலும் கோடுகள் காத்திருக்கும். எழுதவேண்டியது எல்லாம் வில்லையிலேயே அச்சாகியிருப்பதால் மாணவருக்கு அந்தக் கோடுகளில் எழுத எதுவும் இல்லை. அங்கே இடத்தைப் பங்கிட்டது யோசனை அல்ல, பக்கத்தின் அகலம். ஆசிரியர் தலைப்புதோறும் ஒரே அளவு இடம் விடும்போதும் இதே யந்திரத்தனத்தைத்தான் கையால் செய்கிறார்.

எப்படிச் செய்வது என்பதை ஒரு பாடத்தை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். இந்த வட்டாரத்துக்குப் பொருந்திய பாடம்: முட்டைக்கோழித் தீவனத்தில் மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் எந்த விகிதத்தில் கலப்பது. அதற்குப் பியர்சன் சதுரம் என்ற எளிய கணக்குமுறை இருக்கிறது. ஆசிரியரின் குறிப்பில் இது இப்படித்தான் இருக்கும்: தேவை 18, மக்காச்சோளம் 9, சோயா 44, சதுரம், எடுத்துக்காட்டு, சரிபார்ப்பு, வரம்புகள். கணக்கு நீளமானதல்ல. சதுரத்தின் இடப்பக்க மூலைகளில் 9, 44 என்று இரு பொருள்களின் புரத அளவையும், நடுவில் 18 என்ற தேவையையும் எழுதவேண்டும். குறுக்கே கழித்தால் மக்காச்சோளத்துக்கு நேரே 44லிருந்து 18 போக 26, சோயாவுக்கு நேரே 18லிருந்து 9 போக 9. மொத்தம் 35 பங்கு. நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 74.3 கிலோ, சோயா 25.7 கிலோ. இந்த எண்களை மறைத்துக் கோடிட்ட தாள் ஒன்றைத் தயாரிப்பது மிகச் சுலபம்: ‘மக்காச்சோளத்தில் புரதம் ____ சதவீதம்’. ஆசிரியர் ஒன்பது என்பார், அறுபது பேர் ஒன்பது என்று எழுதுவார்கள். அந்த இரண்டு வினாடியில் யாரும் எதையும் கற்கவில்லை. இந்த எண்கள் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டியவை, அச்சடித்துக் கொடுத்துவிடலாம். சதுரத்தின் படத்தையும் அச்சடிக்கவேண்டும், ஏனென்றால் படம் வரைவதில் போகும் மூன்று நிமிடம் கணக்குக்கு உரிய நேரம்.

வெற்றிடம் விழவேண்டிய முதல் இடம் ‘ஏன் குறுக்கே கழிக்கிறோம்’ என்ற கேள்வியின் கீழே. மூன்று வரி போதும். ஒவ்வொரு பங்கு மக்காச்சோளமும் தேவைக்கு 9 புள்ளி குறைவு. ஒவ்வொரு பங்கு சோயாவும் 26 புள்ளி கூடுதல். குறைவும் கூடுதலும் ஈடாகவேண்டுமானால் 26 பங்கு மக்காச்சோளத்துக்கு 9 பங்கு சோயா. ஆசிரியர் இதைச் சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்கவேண்டும். மாணவர் தம் சொற்களில் எழுதவேண்டும். இரண்டாவது வெற்றிடம் சரிபார்ப்புக்கு. ஆசிரியரின் குறிப்பில் இது ஒரே சொல்லாக இருப்பதால் வகுப்புத்தாளிலும் ஒரு வரியோடு போய்விடும் அபாயம் உண்டு. உண்மையில் இந்தப் பாடத்தின் மையம் இதுதான். மாணவர் செய்யும் வழக்கமான பிழை, குறுக்கே போகவேண்டிய விடைகளை நேராக எழுதிவிடுவது. மக்காச்சோளம் 9 பங்கு, சோயா 26 பங்கு என்று வைத்தாலும் மொத்தம் அதே 35தான். பார்வைக்குப் பிழை தெரியாது. பெருக்கிக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்: 9ஐ 9ஆல் பெருக்க 81, 26ஐ 44ஆல் பெருக்க 1144, கூட்டினால் 1225, 35ஆல் வகுத்தால் 35. பதினெட்டுக்குப் பதில் முப்பத்தைந்து சதவீதப் புரதம் உள்ள தீவனம். அதே சரிபார்ப்பு இன்னொரு பொறியையும் காட்டும். கழித்தலில் குறியைப் பொருட்படுத்தாமல் எழுதுவது சதுரத்தின் வழக்கம் என்பதால், தேவை 8 என்று கொடுத்தால்கூட 36க்கு 1 என்று ஒரு விடை வந்துவிடும். ஒன்பதும் நாற்பத்து நான்கும் உள்ள இரண்டு பொருளைக் கலந்து எட்டைப் பெறவே முடியாது. கிடைத்த விடையைப் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய பத்து வருகிறது. தேவை இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கவேண்டும் என்ற விதியை ஆசிரியர் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிடலாம். மாணவர் அதில் இடறி விழுந்து தாமே எழுதினால் அது விதியாக அல்ல, காரணத்தோடு மனத்தில் நிற்கும்.

மூன்றாவது வெற்றிடம் வரம்புக்கு. மக்காச்சோளத்திலும் சோயாவிலும் கால்சியம் மிகக் குறைவு. முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் மூன்றரை, நான்கு சதவீதம் கால்சியம் வேண்டும். ஆகவே நூறு கிலோவில் கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல், தாது உப்பு, வைட்டமின் கலவை ஆகியவற்றுக்குப் பத்துக் கிலோ ஒதுக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால், மீதித் தொண்ணூறு கிலோவிலிருந்தே பதினெட்டுக் கிலோ புரதமும் வரவேண்டும். சதுரத்தின் நடுவில் இப்போது 18 அல்ல, 20. பங்குகள் 24க்கு 11, மக்காச்சோளம் 61.7 கிலோ, சோயா 28.3 கிலோ. இங்கே இரண்டாவது சதுரத்தை எண்களே இல்லாமல் வெறுமையாக அச்சடித்து, ‘பத்துக் கிலோவில் புரதம் இல்லை’ என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் மேலே கொடுக்கலாம். நடுவில் எந்த எண் வரும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கேள்வி. முதல் கணக்கில் முக்கால்வாசி அச்சு. இரண்டாவதில் முக்கால்வாசி வெற்றிடம். ஒரே தாளுக்குள் உதவி குறைந்துகொண்டே போகிறது. வெற்றிடங்களை நேரத்தால் அளந்தால் காரணத்துக்கு இரண்டு நிமிடம், முதல் கணக்குக்கு மூன்று, சரிபார்ப்புக்கு மூன்று, இரண்டாம் கணக்குக்கு நான்கு. பன்னிரண்டு நிமிடம் தீர்ந்துவிட்டது. முட்டைக்கோழி வளர்ப்பின் வரலாறு, புரதங்களின் வகைப்பாடு போன்று குறிப்பில் இன்னும் இருப்பவை அச்சாக மட்டுமே இருக்கும், இல்லையென்றால் வேறு நாளைக்குப் போகும்.

வாக்கியத்துக்குள் கோடிடும்போது தமிழ் தனக்கே உரிய சிக்கல்களைத் தருகிறது. ஆங்கிலத் தாளைப் பார்த்துத் தமிழ்த் தாள் செய்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ‘புரதத்துக்காகச் சேர்ப்பது சோயாப் ______’ என்று அச்சிட்டால் அந்தப் பகர ஒற்று விடையின் முதலெழுத்தைச் சொல்லிவிடுகிறது. ஒற்றை எடுத்துவிட்டால் வாக்கியம் பிழையாகிறது. வேற்றுமை உருபைக் கோட்டுக்கு வெளியே விட்டாலும் இதே கதை: ‘______த்தில் கால்சியம் மிகக் குறைவு’ என்றால் சொல் மகர ஈற்றில் முடிகிறது என்பது தெரிந்துவிடும், மக்காச்சோளமா, சோயாவா என்று யோசிக்க வேண்டியதில்லை. வினைமுற்று ஒருமையா பன்மையா, உயர்திணையா அஃறிணையா என்பதும் காட்டிக்கொடுக்கும். இதற்கு மாற்று, நடுவில் ஓட்டை போட்ட வாக்கியங்களையே தவிர்ப்பது. கேள்வியை முழு வாக்கியமாக எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, விடைக்கு அடுத்த வரியில் இடம் விடலாம். அல்லது அட்டவணையில் ஒரு கட்டத்தை வெறுமையாக விடலாம். கோட்டின் நீளமும் பேசும். விடையைத் தட்டச்சு செய்து, அதே நீளத்துக்குக் கோடு போட்டால் சிறிய சொல்லா பெரிய சொல்லா என்று தெரிந்துவிடுவதோடு, அச்செழுத்தைவிட இரண்டு மடங்கு அகலமான கையெழுத்து அதில் அடங்குவதுமில்லை. எல்லாக் கோடுகளும் ஒரே நீளமாக, தாராளமாக இருப்பது நல்லது.

தயாரிப்பில் இன்னொரு முடிவு முதலிலேயே எடுக்கவேண்டியது. விடை உள்ள படி, விடை இல்லாத படி என்று இரண்டு கோப்புகளை வைத்துக்கொண்டால், ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றில் விட்டுப்போகும். இரண்டாம் ஆண்டில் இரண்டும் வேறு வேறு பாடமாகிவிடும். ஒரே கோப்பிலிருந்து இரண்டையும் அச்சிடவேண்டும். சொற்செயலியில் விடைக்கென்று ஒரு எழுத்துப்பாணியை உருவாக்கி, மாணவர் படிக்கு மட்டும் அந்தப் பாணியை மாற்றுவது எளிய வழி. மறைந்த எழுத்தாக மாற்றினால் எழுத்தோடு இடமும் சுருங்கிவிடும், பக்கமே வேறாகிவிடும். வெள்ளை நிறமாக்கினால் இடம் அப்படியே இருக்கும், காகிதத்தில் விடை தெரியாது. ஆனால் அந்தக் கோப்பைப் பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் விரலால் தேர்ந்தெடுத்ததும் விடை வெளியே வந்துவிடும். ஆகவே வெள்ளை எழுத்து காகிதத்துக்கு மட்டுமே. உயரம் நிர்ணயித்த அட்டவணைக் கட்டங்களுக்குள் விடையை வைப்பது இன்னும் பத்திரம். விடையை நீக்கினாலும் கட்டம் சுருங்காது. கேள்வி ஒரு பக்கத்தின் அடியிலும் அதற்கான இடம் அடுத்த பக்கத்தின் தலையிலும் விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சாம்பல் நிறக் கோடு கணினித் திரையில் அழகாக இருக்கும். படியிலிருந்து படி எடுக்கும் ஜெராக்ஸில் அது காணாமல் போகும் அல்லது அழுக்காகும். மெல்லிய கறுப்புக் கோடே தாங்கும். மெல்லிய தாளில் ஜெல் பேனா பின்பக்கம் தெரியும் என்பதால், இரு பக்கமும் அச்சிடும்போது வெற்றிடங்கள் முதுகோடு முதுகாக அமையாமல் வைப்பது நல்லது.

எதிர்வாதங்களில் வலுவானது நியாயம் பற்றியது. வீட்டில் சொல்லித்தர யாரும் இல்லாத மாணவருக்கு முழு மெட்டீரியல்தான் கைப்பிடி. அதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு கோடு போட்டுக் கொடுப்பது யாருக்கு உதவும் என்று கேட்கலாம். பேருந்தைத் தவறவிட்டவர், காய்ச்சலில் படுத்தவர், வேலைக்குப் போய்விட்டு வருபவர் எல்லாரும் தேர்வு எழுதவேண்டும். இந்தக் கேள்விக்கு ஒரே விடை, முழுப் படியையும் கொடுத்துவிடுவதுதான். ஆனால் வகுப்புக்கு முன்னால் அல்ல, ஒரு வாரம் கழித்து. வெற்றிடம் வகுப்பில் செய்யவேண்டிய வேலைக்காக; விடையை மறைத்து வைத்துக்கொள்வதற்காக அல்ல. டி வெஸ்டா, கிரே சொன்ன இரண்டு பயன்களையும் இரண்டு வேறு நாட்களில் கொடுப்பதாக இதை எண்ணலாம். வராதவருக்கு இழப்பு இருக்கத்தான் செய்யும். வகுப்புக்கு வருவதில் எந்தப் பலனும் இல்லாதபடி தாள் தயாரிப்பதால் அந்த இழப்பு தீர்ந்துவிடாது.

கோடிட்ட இடங்களை நிரப்புவது பள்ளிப் பிள்ளைகள் வேலை, கல்லூரியில் மாணவர் தாமே குறிப்பெடுக்கப் பழகவேண்டும் என்பது அடுத்த எதிர்வாதம். ஒற்றைச் சொல் கோடுகளைப் பொறுத்தவரை அது சரியான கண்டனம். மூன்று வரி, ஐந்து வரி விட்டு ‘ஏன்’ என்று கேட்கும் தாளுக்கு அது பொருந்தாது. பழகவேண்டும் என்பதிலும் மறுப்பில்லை. பழக்குவது எப்படி என்பதில்தான் வேறுபாடு. பருவத்தின் தொடக்கத்தில் அச்சு மிகுந்து, இறுதியில் தலைப்புகள் மட்டும் மிஞ்சும்படி தாளை மெலியவைத்தால், கடைசி வாரத்தில் மாணவர் கையில் இருப்பது ஏறக்குறைய வெற்றுத்தாள். அப்போது அதை நிரப்ப அவருக்குத் தெரிந்திருக்கும். இந்த மெலிவு இல்லாமல் ஆண்டு முழுதும் ஒரே மாதிரித் தாள் கொடுத்தால் எதிர்வாதம் வென்றதாக ஒப்புக்கொள்ளவேண்டும். எல்லாப் பாடத்துக்கும் இந்த முறை ஏற்றதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஒரு கவிதையை வாசித்து விவாதிக்கும் வகுப்பில் எங்கே நிற்போம் என்று முன்கூட்டித் தெரியாது. அங்கே அளந்து விட்ட வெற்றிடம் விவாதத்துக்கு வேலி போடும். படிப்படியாகப் போகும் பாடத்துக்கே இது உரியது.

நிரப்பிய தாள் மூத்த மாணவரிடமிருந்து அடுத்த ஆண்டு மாணவருக்கு வந்துவிடும் என்ற நடைமுறை ஆட்சேபம் இன்னொன்று. வரும். தகவலைக் கேட்ட தாளாக இருந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. கணக்கைக் கேட்ட தாளில் தேவையை 18லிருந்து 17 ஆக்கினால் பங்குகளும் கிலோக் கணக்கும் மாறிவிடும். ‘ஏன் குறுக்கே’ என்பதற்குப் பழைய தாளில் இருக்கும் விடை புரிந்தால்தான் புதிய கணக்கு வரும். ஜெராக்ஸ் கடைக்கு முன்னால் தாக்குப்பிடிக்காத வெற்றிடம் முதலிலேயே தவறான இடத்தில் விழுந்தது என்று இதை ஒரு சோதனையாகவே கொள்ளலாம்.

தாள் வேலை செய்ததா என்று அறிய மதிப்பெண்ணுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும் பத்துத் தாள்களை வாங்கி, பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். முன்பக்க இடங்கள் நிரம்பி, கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தால் நேரக் கணக்கு தவறு; ஆசிரியர் ஒப்புக்கொண்ட மௌனத்தைப் பாதியில் மீறியிருக்கிறார். பத்துத் தாளிலும் ‘ஏன்’ என்பதன் கீழே ஒரே வாக்கியம், ஒரே நிறுத்தக்குறியோடு இருந்தால் அவர் பேசாமல் இருப்பதற்குப் பதில் நோட்ஸ் சொல்லியிருக்கிறார். எழுத்து ஓரத்தில் ஏறி, அம்புக்குறி போட்டுப் பின்பக்கம் போயிருந்தால் அங்கே இடம் குறைவு, பாடத்தில் ஆசிரியர் கருதியதைவிடப் பெரிய முடிச்சு இருக்கிறது. சரிபார்ப்பில் 35 என்று எழுதி, அடித்துவிட்டு, 18 என்று திருத்தியிருந்தால் அந்த வெற்றிடம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

இப்படிப் பார்த்தால் குறிப்பை வகுப்புத்தாளாக மாற்றும் வேலை மாணவருக்காகத் தொடங்கினாலும், அது முதலில் திருத்துவது ஆசிரியரின் குறிப்பை. பேச்சுக்கு எல்லை தெரிவதில்லை. பன்னிரண்டு தலைப்பையும் ஐம்பது நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டதாக யாரும் நம்பிக்கொள்ளலாம். காகிதத்தில் 24 வரியைப் பங்கிட உட்கார்ந்தால்தான் பன்னிரண்டில் எது நிற்கும், எது போகும் என்று தேர்வு செய்ய நேர்கிறது. பாடத்திட்டத்தை முடிக்கவேண்டுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் ஆசிரியர் வாயால் முடிந்த பாடமும் மாணவர் கையில் முடிந்த பாடமும் ஒன்றல்ல. முன்னது எப்போதும் முடிந்துவிடும். பின்னது எவ்வளவு முடிந்தது என்பதை நிரம்பிய வரிகளை எண்ணிச் சொல்லிவிடலாம். அந்த எண்ணிக்கையை எதிர்கொள்ளத் தயாராக இருப்பவர் தாளில் இடம் விடட்டும். மற்றவர்கள் முழு மெட்டீரியலையே அச்சடித்துக் கொடுப்பது நேர்மையான வழி; வெறுமையாகவே இருக்கப்போகும் கோடுகளுக்கு மாணவர் காசு கொடுக்க வேண்டியிருக்காது.